மரை ஓட்டையில் மெல்லிய கோடு எங்கே?

பிள்ளைகளா, ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவன் ஒருவன், தளிக்கு வந்தபோது தான் போட்ட டிராயிங்கைக் காட்டினான். M8 மரை ஓட்டை. நேராகப் பார்க்கும் பார்வையில் 8 மி.மீ. வட்டம் தடித்த கோடு, உள்ளே மெல்லிய முக்கால் வட்டம். அது போல்ட்டுக்கு வரையும் முறை! ஓட்டைக்கு உள்வட்டம்தான் தடிப்பு. வெளியே 8 மெல்லிய முக்கால் வட்டம். பட்டறைக்காரர் தடித்த கோட்டை நம்பி 8-லேயே துளைத்துவிட்டார். 6.8 டிரில் போட்டிருக்க வேண்டும். டேப் பிடிக்க உலோகமே இல்லை, சும்மா நுழைந்தது. அவர்மேல் கோபப்படுவது நியாயமில்லை என்பேன்.

கேடில் காஸ்மெட்டிக் திரெட் வெறும் தோற்றம். மாடலில் ஓட்டை 6.8 இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். படத்தைவிட M8 × 1.25 என்ற குறிப்புதான் பேசும். அதோடு மரை ஆழம் 16, துளை ஆழம் 20 என்று இரண்டையும் எழுதுங்கள். டேப்பின் முனை சரிவாக இருப்பதால் அடிவரை முழு மரை விழாது.

Ra 1.6 குறியையும் அவன் மரைக்குள் குத்தியிருந்தான். அது மூடி உட்காரும் முகத்தில் வரவேண்டியது. டிக் குறியில் குறுக்குக்கோடும் இல்லை; அந்தக் கோடு இருந்தால்தான் மெஷினில் வெட்டியே ஆகவேண்டும் என்று அர்த்தம்.