அதிமதுரமும் ரத்த அழுத்தமும்

சென்ற மாதம் நமது மருந்துக் கடைக்கு வந்த தபாலில் ஒரு கடிதம் இருந்தது. எழுதியவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற, 62 வயதுள்ள ஒரு பெரியவர். அவருக்கு அன்றைக்கே தனியாகப் பதில் எழுதிவிட்டோம். ஆயினும் அவருக்கு வந்த சந்தேகம் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கக் கூடுமாகையால், அவருடைய சம்மதத்தின் பேரில், பெயரையும் ஊரையும் நீக்கிக் கடிதத்தை இங்கே வெளியிடுகிறோம்.

"ஐயா, நமஸ்காரம். எனக்கு நாலு வருஷமாக ரத்த அழுத்தம் உண்டு. காலையில் அம்லோடிபின் 5 மில்லிகிராம் மாத்திரை ஒன்றும், ஹைட்ரோகுளோரோதயாசைடு 12.5 மில்லிகிராம் மாத்திரை ஒன்றும் சாப்பிட்டு வருகிறேன். அழுத்தம் 134-க்கு 84 என்ற அளவில் அடங்கியிருந்தது. மார்கழிப் பனியில் இருமல் கண்டபோது என் மைத்துனர் ஒரு மூலிகை டானிக்கைச் சிபாரிசு செய்தார். வேளைக்கு 15 மில்லி லிட்டர். தினம் இரண்டு வேளை. இருமல் பத்து நாளில் நின்றது. உடம்புக்குத் தெம்பு என்று சொன்னபடியால் டானிக்கை நிறுத்தவில்லை. இப்போது ஆறு வாரம் ஆகிறது. அழுத்தம் 158-க்கு 94 என்று ஏறியிருக்கிறது. மாலையில் கணுக்கால் வீங்குகிறது. இரவில் கெண்டைக்கால் சதை பிடித்து இழுக்கிறது. மாடிப்படி ஏறினால் தொடை சோர்ந்து போகிறது. வருகிற திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறேன். மாத்திரையின் அளவைக் கூட்டுவார் என்று நினைக்கிறேன். டானிக்கைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. மூலிகைதானே, அதனால் என்ன கெடுதல்? டானிக்குக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டால் போதுமா? சீட்டில் கண்ட சரக்குகளை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன்."

பெரியவர் செய்த காரியங்களில் மிகவும் புத்திசாலித்தனமானது கடைசியில் சொன்னதுதான். சீட்டில் ஆடாதோடையும் திப்பிலியும் துளசியும் இருந்தன. அவற்றின் நடுவே, 'யஷ்டிமது, கிளிசிரைசா கிளாப்ரா, 10 மில்லி லிட்டருக்கு 1 கிராம்' என்று ஒரு வரியும் இருந்தது. யஷ்டிமது என்பது வேறொன்றுமில்லை; நமது வீடுகளில் தொண்டைக் கட்டுக்கு வாயில் அடக்கிக் கொள்கிற அதிமதுரமே.

அதிமதுரத்தின் தித்திப்புக்குக் காரணம் கிளிசிரைசின் என்னும் சத்து. 1946-ம் வருஷத்தில் ஹாலந்து தேசத்து வைத்தியர் ரெவர்ஸ் என்பவர் வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரச் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். புண் குணப்பட்டது, ஆனால் சிலருக்கு உடம்பில் நீர் கோத்து வீக்கம் கண்டது. அதன் காரணம் துலங்குவதற்கு மேலும் நாற்பது வருஷம் பிடித்தது.

காரணம் இதுதான். உப்பை வெளியே விடாமல் நிறுத்திக் கொள்ளும்படி சிறுநீரகத்துக்குக் கட்டளையிடுவது ஆல்டோஸ்டிரோன் என்னும் சுரப்பு நீர். நமது ரத்தத்தில் அதைக் காட்டிலும் பல மடங்கு அதிகமாகக் கார்ட்டிசால் என்னும் வேறொரு சுரப்பு நீரும் ஓடுகிறது. ஆல்டோஸ்டிரோன் திறக்கிற கதவைக் கார்ட்டிசாலும் திறந்துவிடக் கூடும். அவ்வாறு நேராதபடி, சிறுநீரகத்தில் ஒரு நொதி காவற்காரனைப்போல் நின்று கார்ட்டிசாலைச் செயலற்றதாக்கி விடுகிறது. கிளிசிரைசின் இந்தக் காவற்காரனை மயக்கிவிடுகிறது. கார்ட்டிசால் உள்ளே புகுகிறது, உப்பும் நீரும் உடம்பில் தேங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது. அதே சமயத்தில் பொட்டாசியம் என்னும் உப்புச் சத்து சிறுநீரோடு வீணாக வெளியேறுகிறது.

இதிலிருந்தே இடைவெளியைப் பற்றிய கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது. மருந்துகள் இரண்டும் வயிற்றில் சந்தித்துச் சண்டையிடவில்லை. சிறுநீரகத்தில் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கிறது. ஆகையால் ஒரு மணி அல்ல, ஆறு மணி இடைவெளி விட்டாலும் பயனில்லை.

இனி, கணக்கைப் பார்ப்போம். தினம் 30 மில்லி லிட்டர் என்றால் 3 கிராம் அதிமதுரம். வேருக்கு வேர் சத்தின் அளவு வித்தியாசப்படும். நூற்றுக்கு நாலு பங்கு என்று குறைவாக வைத்துக் கொண்டு, அது முழுவதும் டானிக்கில் இறங்கியதாகக் கொண்டால், நாளொன்றுக்கு 120 மில்லிகிராம் கிளிசிரைசின் உள்ளே போகிறது. தினந்தோறும் உட்கொள்வதற்கு 100 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்று ஐரோப்பிய நிபுணர் குழுவினர் வரம்பு கட்டியிருக்கின்றனர். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதற்குக் குறைந்த அளவுகூடத் தீங்கு செய்யலாம். நாலு நாள் இருமலுக்குச் சாப்பிடுவது வேறு. ஆறு வாரம் தொடர்ந்து சாப்பிடுவது வேறு.

இவருடைய விஷயத்தில் அபாயம் இரட்டிப்பானது. ஹைட்ரோகுளோரோதயாசைடு நீரைப் பிரித்து வெளியேற்றும் மாத்திரை. அதுவும் பொட்டாசியத்தை இழக்கச் செய்வது. இரண்டு பக்கமும் கரை உடைந்த ஏரியைப்போல் பொட்டாசியம் வடிகிறது. டாக்டர் டானிக்கைப் பற்றி அறியாமல் அந்த மாத்திரையின் அளவைக் கூட்டினாரானால், இழப்பு இன்னும் அதிகமாகும். பொட்டாசியம் மிகவும் குறைந்தால் இருதயத்தின் துடிப்பே தாளம் தப்பிவிடும். இதை நினைத்துத்தான் நாம் மறு தபாலிலேயே பதில் எழுதினோம்.

கணுக்கால் வீக்கத்தை மட்டும் கொண்டு அதிமதுரத்தின் மேல் குற்றம் சாட்ட முடியாது. அம்லோடிபின் மாத்திரையும் கணுக்காலை வீங்கச் செய்வதுண்டு. ஆனால் அம்லோடிபின் வீக்கத்தோடு அழுத்தம் ஏறுவதில்லை. சதை பிடிப்பதும் தொடை சோர்வதும் பொட்டாசியக் குறைவின் அடையாளங்கள். நிச்சயப்படுத்துவது ரத்தப் பரிசோதனை. பொட்டாசியம் லிட்டருக்குச் சுமார் 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும்.

பெரியவருக்கு நாம் எழுதியது வருமாறு: டானிக்கை இன்றே நிறுத்துங்கள். மாத்திரைகளை மட்டும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். தொடைச் சோர்வு கண்டிருப்பதால் திங்கட்கிழமை வரை காத்திராமல் நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். சீசாவையும் கையோடு கொண்டு போங்கள். பொட்டாசியம், சோடியம், கிரியேட்டினின் ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். படபடப்போ மயக்கமோ கண்டால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். பொட்டாசியம் மருந்தைத் தாங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். அது அளவுக்கு மீறினாலும் இருதயத்துக்கு ஆபத்து. டானிக்கை நிறுத்திய பிறகும் அதன் வேகம் அடங்க இரண்டு வாரம் வரை ஆகலாம். அதுவரை காலையும் மாலையும் அழுத்தத்தைப் பார்த்துக் குறித்து வையுங்கள். ஒரே நாளில் இறங்கவில்லையே என்று கலங்க வேண்டாம்.

நாட்டு மருந்து உயர்ந்ததா, இங்கிலீஷ் மருந்து உயர்ந்ததா என்ற வழக்கு இதில் இல்லை. அழுத்தத்தை ஏற்றும் வல்லமை ஒரு வேருக்கு இருப்பதே அதுவும் மருந்து என்பதற்கு அத்தாட்சி. மூலிகைதானே என்று டாக்டரிடம் சொல்லாமல் விடுவது அந்த வேரைக் குறைவாக மதிப்பதாகும்.

நமது தேசத்துச் சட்டப்படி ஆயுர்வேத, சித்த மருந்துகளின் சீட்டில் சரக்குகளின் பெயரும் அளவும் இருக்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டில் டானிக், லேகியம், இருமல் சூரணம் எது இருந்தாலும் சீட்டை ஒரு முறை வாசித்துப் பாருங்கள். அதிமதுரம், யஷ்டிமது, முலேத்தி, கிளிசிரைசா: நாலு பெயருக்கும் உரியது ஒரே வேர். அவற்றில் ஒன்று கண்ணில் பட்டால், அடுத்த வேளை மருந்தை ஊற்றுவதற்கு முன் டாக்டரிடமோ மருந்துக் கடைக்காரரிடமோ கேட்டுக் கொள்ளுங்கள்.