தாய்ச் சட்டம் விட்டதை விதி பிடிக்கலாமா? 2017 மாட்டுச் சந்தை விதிகள் வழக்கு சொல்வது என்ன



பொள்ளாச்சி மாட்டுச் சந்தை உங்களுக்குத் தெரியும். கேரளாவுக்குப் போகிற மாடுகளில் பெரும்பங்கு கைமாறுகிற இடம். 2017 மே 23 அன்று டெல்லியில் ஒரு அரசிதழ் அறிவிப்பு வந்தது. அதன்படி பார்த்தால் அந்தச் சந்தை அங்கே நடக்கவே கூடாது. மாநில எல்லையிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் கால்நடைச் சந்தை இருக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி. பொள்ளாச்சியிலிருந்து கேரள எல்லை அதைவிடக் கிட்ட.

நாடாளுமன்றம் இதைப் பற்றி விவாதித்ததா? இல்லை. ஓட்டெடுப்பு நடந்ததா? அதுவும் இல்லை. சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு "விதி" போட்டது, அவ்வளவுதான். பெயர்: மிருகவதைத் தடுப்பு (கால்நடைச் சந்தை ஒழுங்குமுறை) விதிகள், 2017.

அப்போது நாடெங்கும் நடந்த சண்டை மாட்டிறைச்சியைப் பற்றியதாகவே இருந்தது. யார் எதைச் சாப்பிடலாம் என்ற கேள்வி முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு கேள்வி படுத்துக் கிடந்தது. நாடாளுமன்றம் கொடுக்காத அதிகாரத்தை ஒரு அமைச்சகம் தானே எடுத்துக்கொள்ள முடியுமா? இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முதலில், விதி என்றால் என்ன என்று பார்ப்போம். நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை இயற்றும்போது எல்லா நுணுக்கத்தையும் அதிலேயே எழுத முடியாது. ஒரு வண்டிக்கு எத்தனை கிலோ, ஒரு லாரியில் எத்தனை மாடு என்றெல்லாம் எழுத உட்கார்ந்தால் எந்தச் சட்டமும் முடியாது. அதனால் "இதற்கான விவரங்களை அரசு விதியாகப் போட்டுக்கொள்ளலாம்" என்று ஒரு பிரிவு வைத்துவிடுவார்கள். அந்தப் பிரிவுதான் அமைச்சகத்தின் கையில் இருக்கிற பவர் பத்திரம். வீட்டை வாடகைக்கு விட மட்டும் பவர் வாங்கியவர் வீட்டையே விற்றுவிட்டால் அந்த விற்பனை செல்லுமா? செல்லாது. அமைச்சகம் அப்படிச் செய்வதைத்தான் கோர்ட்டில் "அல்ட்ரா வைரஸ்", அதாவது அதிகார வரம்பு மீறல் என்கிறார்கள்.

இந்த விஷயத்தில் தாய்ச் சட்டம் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். விதி போடும் அதிகாரம் அதன் 38-வது பிரிவில் இருக்கிறது. எதற்கெல்லாம் விதி போடலாம் என்று அங்கே ஒரு பட்டியல் உண்டு: ஒரு மிருகத்தின் மேல் ஏற்றக்கூடிய அதிகபட்சச் சுமை, நெரிசலில் அடைக்காமல் இருப்பதற்கான நிபந்தனைகள், எந்த நேரத்தில் வண்டியில் பூட்டக் கூடாது, இப்படி. எல்லாமே உயிரோடு இருக்கிற மிருகம் வலி இல்லாமல் நடத்தப்பட வேண்டும் என்பதைச் சுற்றியே போகிறது.

அதே சட்டத்தில் இன்னும் இரண்டு இடங்களைப் படிக்கணும். பிரிவு 11 எதெல்லாம் வதை என்று வரிசையாகச் சொல்கிறது. சொல்லிவிட்டு, உட்பிரிவு (3)(e)-யில் ஒரு விலக்கு வைக்கிறது. மனிதரின் உணவுக்காக மிருகத்தைக் கொல்வதும், கொல்வதற்கான ஆயத்தமும் இந்தப் பிரிவில் குற்றம் ஆகாது; தேவையில்லாத வலியோ துன்பமோ கொடுக்கக் கூடாது, அவ்வளவே. பிரிவு 28 இன்னும் நேரடியானது. ஒரு சமூகத்தின் மதம் கோரும் முறையில் மிருகத்தைக் கொல்வதை இந்தச் சட்டம் குற்றமாக்காது என்கிறது.

இப்போது விதி 22-ஐ இதன் பக்கத்தில் வையுங்கள். மாட்டைச் சந்தைக்கு ஓட்டி வருபவர், "இதை இறைச்சிக்காக விற்கக் கொண்டுவரவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வாங்குபவர் விவசாயிதான் என்று வருவாய்த்துறை ஆவணத்தைக் காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு அந்த மாட்டை விற்க மாட்டேன் என்று உறுதி கொடுக்க வேண்டும். இறைச்சிக்கு விற்கக் கூடாது, மதச் சடங்குக்குப் பலி கொடுக்கக் கூடாது. விற்பனைச் சான்று ஐந்து நகல். ஒன்று தாசில்தார் ஆபீசுக்கு, ஒன்று மாவட்டத்தின் தலைமைக் கால்நடை மருத்துவருக்கு. இதில் "மாடு" என்பது பசு மட்டும் இல்லை. எருமை, காளை, கன்று எல்லாம் அடங்கும். ஒட்டகத்தையும் சேர்த்திருந்தார்கள்!

தாய்ச் சட்டம் "உணவுக்காகக் கொல்வது வதை இல்லை" என்கிறது. அந்தச் சட்டத்தின் பெயரில் பிறந்த விதி "உணவுக்காக விற்கவே கூடாது" என்கிறது. சட்டம் மதச் சடங்குக்கு விலக்கு கொடுக்கிறது, விதி அந்த விலக்கைப் பிடுங்குகிறது. வரம்பு மீறல் வாதத்தின் மையம் இதுதான். இதைப் புரிந்துகொள்ள வக்கீல் படிப்பு வேண்டாம், இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் போதும்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த விதித் தொகுப்பு முழுவதும் மோசம் என்று நம்ம ஆட்கள் சிலர் பேசியது தவறு. சந்தையில் தண்ணீர், நிழல், ஏற்றி இறக்கச் சாய்தளம், நோயுற்ற மாட்டைத் தனியாக வைப்பது, சூடு போடக் கூடாது என்பதெல்லாம் அதே தொகுப்பில் இருந்தன. அவை சட்டத்தின் நோக்கத்துக்குள் அழகாக உட்காருகின்றன. சந்தைக்குப் போய்ப் பார்த்தவருக்கு அவற்றின் அருமை தெரியும். கோர்ட்டும் அப்படித்தான் பார்க்கும். ஒரு தொகுப்பில் இரண்டு விதி வரம்பு மீறினால், அந்த இரண்டையும் தனியாகப் பிரித்தெடுக்க முடியுமா என்று பார்த்து, முடிந்தால் அதை மட்டும் வெட்டும்.

மதுரைக் கிளையில் நடந்ததும் அதுதான். அறிவிப்பு வந்து ஒரே வாரத்தில், 2017 மே 30 அன்று, நீதிபதிகள் எம்.வி.முரளிதரன், சி.வி.கார்த்திகேயன் அமர்வு இடைக்காலத் தடை கொடுத்தது. முழு விதிகளுக்கும் இல்லை. விற்பவரிடம் உறுதிமொழி கேட்கும் 22(b)(iii), வாங்குபவரைக் கட்டிப்போடும் 22(e), இந்த இரண்டுக்கு மட்டும், நான்கு வாரத்துக்கு.

மத்திய அரசிடம் பதிலே இல்லையா என்றால், இருந்தது. நேபாளத்துக்கு மாடு கடத்தப்படுவது பற்றிய வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவைத் தொடர்ந்தே இந்த விதிகள் என்றார்கள். ஆனால் கடத்தலைத் தடுக்கச் சொன்ன உத்தரவு, உள்ளூர்ச் சந்தையில் எருமை விற்பதைத் தடுக்கும் அதிகாரம் ஆகிவிடாது. சட்டத்தில் இல்லாத அதிகாரத்தை ஒரு கமிட்டிப் பரிந்துரை உண்டாக்காது.

அவர்களின் இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. "நாங்கள் கொல்வதைத் தடுக்கவில்லை, சந்தையில் விற்பதைத்தான் ஒழுங்குபடுத்துகிறோம். விவசாயியின் தொழுவத்துக்கே போய் வாங்கிக்கொள்ளலாமே?" கேரள உயர் நீதிமன்றத்தில் அதே வாரம் வந்த மனுவில் நீதிபதிகளும் ஏறக்குறைய இதைத்தான் கேட்டார்கள்: விதியைப் படித்தீர்களா, இறைச்சிக்குத் தடை எங்கே இருக்கிறது?

சொல்லளவில் சரி. ஆனால் ஒரு சின்ன விவசாயியின் இடத்திலிருந்து பாருங்க. உழவுக்கு ஆகாத காளை, பால் வற்றின எருமை. அதைச் சந்தையில் ஓட்டிவிட்டு, வருகிற காசில் இன்னொன்று பிடிப்பார். சந்தையில் பத்து வியாபாரி போட்டி போடுவதால்தான் அவருக்கு ஒரு விலை கிடைக்கிறது. வீட்டு வாசலுக்கு வருகிற ஒற்றைத் தரகர் சொல்வதா விலை? சந்தையில் கிழட்டு மாட்டை விவசாயிக்குத்தான் விற்கலாம் என்றால், எந்த விவசாயி வாங்குவார்? நேராகச் செய்ய அதிகாரம் இல்லாததைச் சுற்றி வளைத்தும் செய்யக் கூடாது என்பது நம் நீதிமன்றங்களின் பழைய நிலைப்பாடு.

மாநில உரிமை பக்கமும் ஒன்று உண்டு. மிருகவதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் 17-வது இனம், அதில் மத்திய அரசுக்கு இடம் இருக்கிறது. ஆனால் சந்தைகள் மாநிலப் பட்டியலில் 28, கால்நடைப் பாதுகாப்பு மாநிலப் பட்டியலில் 15. எந்த மாட்டை அறுக்கலாம், அதற்கு யாரிடம் சான்று வாங்கணும் என்று சொல்ல 1958-லிருந்தே நம்ம மாநிலத்துக்கு ஒரு கால்நடைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வதைத் தடுப்பு என்ற கதவு வழியாக உள்ளே வந்து, மாநிலத்தின் அறையில் உட்கார்ந்துகொண்டார்கள்.

இந்த மாதிரி சவால்களுக்கான அளவுகோலை உச்ச நீதிமன்றம் தொகுத்துச் சொன்ன தீர்ப்புகளில் ஒன்று நம்ம ஊர் வழக்கு: ஆற்று மணல் குவாரிகளை அரசே எடுத்துக்கொண்ட விதி பற்றிய தமிழ்நாடு அரசு எதிர் பி.கிருஷ்ணமூர்த்தி, 2006. விதி செல்லும் என்றுதான் நீதிமன்றம் முதலில் வைத்துக்கொள்ளும், செல்லாது என்று காட்டும் சுமை வழக்குப் போட்டவர் தலையில். அவர் காட்டக்கூடிய காரணங்களில் தாய்ச் சட்டத்தோடு ஒத்துப்போகாதது ஒன்று, அடிப்படை உரிமை மீறல் ஒன்று, அப்பட்டமான தன்னிச்சைப்போக்கு ஒன்று. "இது கெட்ட கொள்கை" என்பது அந்தப் பட்டியலில் கிடையாது. கோபமாக எழுதப்பட்ட பல மனுக்கள் தோற்பது இந்த இடத்தில்தான்.

2017 ஜூலை 11 அன்று, தலைமை நீதிபதி கேஹர், நீதிபதி சந்திரசூட் அமர்வில், விதிகளை மறுபடி பரிசீலிக்கிறோம் என்று மத்திய அரசு சொன்னது. மதுரையின் தடையை நாடு முழுதுக்கும் நீட்டித்து, புதிய விதிகள் வந்தால் நடைமுறைக்கு முன் மக்கள் கோர்ட்டுக்கு வர அவகாசம் கொடுங்கள் என்று சொல்லி வழக்கை முடித்து வைத்தார்கள். 2018-ல் வந்த புதிய வரைவில் இறைச்சி விற்பனைக்கான அந்தத் தடை காணாமல் போயிருந்தது.

மகிழ்ச்சிதான். ஆனால் கவனிக்க வேண்டியது, "இந்த விதி வரம்பு மீறியது" என்று அங்கே யாரும் இறுதித் தீர்ப்பு எழுதவில்லை. அரசு பின்வாங்கியது, கேள்வி பதில் இல்லாமல் நின்றது. அதன் விலையை அதே நாளில், அதே சட்டத்தின் கீழ் வந்த இன்னொரு விதித் தொகுப்பில் பார்க்கலாம். வழக்கில் பிடிபட்ட மாடுகளை விசாரணை முடியும் முன்பே கோசாலையிடம் ஒப்படைக்கலாம், பராமரிப்புச் செலவுக்குப் பத்திரம் கொடுக்காவிட்டால் உரிமையாளர் மாட்டையே இழப்பார் என்றது அது. தாய்ச் சட்டத்தின் 29-வது பிரிவோ, குற்றம் நிரூபணமான பிறகுதான் மாட்டைப் பறிக்கலாம் என்கிறது. அந்த முரண்பாட்டைச் சுட்டி, மாற்றுங்கள், இல்லையென்றால் தடை போடுவோம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2021 ஜனவரியில். அறிவிப்பு வந்து மூன்றரை வருடம் ஆகியிருந்தது.