வாசித்தால் என்ன தருவீர்கள்?

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவரும் காலத்தில் எங்கள் நாளிதழ்களின் பிராந்தியப் பக்கங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் புகைப்படங்கள் பழக்கமானவை. பத்து வயதுப் பிள்ளைகள் மாலையுடன் வரிசையாக நிற்பார்கள். பின்னால் அதிபர், பிரதம விருந்தினர். முன்னால் புதிய துவிச்சக்கர வண்டிகள், சில ஆண்டுகளில் மடிக்கணினிகளும். அனுசரணை பெரும்பாலும் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ உள்ள ஊர்ச்சங்கம். வன்னியில் 2009க்குப் பின்னர் இத்தகைய நிகழ்வுகள் பெருகின. கொடுப்பவர்களின் மனதை நான் குறை கூறப்போவதில்லை. எல்லாம் இழந்த மண்ணில் பிள்ளைகளாவது படித்து முன்னேறட்டும் என்பதைவிட நியாயமான ஆசை வேறென்ன இருக்க முடியும்? ஆனால் கொடுக்கும் முறை, கொடுக்கப்படும் பொருளின் நோக்கத்தையே அரிக்கக்கூடும் என்பதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

முல்லைத்தீவிலிருந்து தெற்கே சிலாவத்தை, அளம்பில், செம்மலை என்று போகும் வீதி நாயாற்றுப் பாலத்தைக் கடந்து கொக்குத்தொடுவாய், கொக்கிளாய்ப் பக்கம் இறங்குகிறது. 1984இன் இறுதியில் இந்தப் பகுதி மக்கள் இடம்பெயர்க்கப்பட்டார்கள். பலர் ஊர் திரும்பியது போர் முடிந்த பிறகுதான். அவர்கள் திரும்பி வந்து சில ஆண்டுகளின் பின், நாயாற்றை அண்டிய ஒரு கிராமத்தில், புலம்பெயர்ந்த அன்பர் ஒருவரின் உதவியோடு சிறிய வாசிகசாலை ஒன்று தொடங்கப்பட்டது. ஓர் அறை, இரண்டு அலுமாரி, ஒரு பாய். பள்ளி விட்டதும் பிள்ளைகள் வருவார்கள். கதைப் புத்தகத்தை நடுவில் போட்டு நான்கு தலைகள் ஒரே பக்கத்தைப் பார்க்கும். பொறுப்பாக இருந்த ஆசிரியை வைத்திருந்த இரவல் பதிவேட்டை நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரே புத்தகத்தை ஒரே பிள்ளை மூன்று தடவை எடுத்திருந்தது. அந்தப் புத்தகம் அதற்கு எவ்வளவு பிடித்திருக்க வேண்டும்!

இரண்டாம் ஆண்டில் அன்பர் உற்சாகமடைந்து பரிசுத் திட்டம் ஒன்றை அறிவித்தார். பத்துப் புத்தகம் வாசித்தால் ஒரு பரிசு, ஆண்டு முடிவில் மிக அதிகம் வாசித்தவருக்குத் துவிச்சக்கர வண்டி. பதிவேடு உடனே தடித்தது. ஆனால் எழுத்துக்களைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் வேறொன்று தெரிந்தது. பதினாறு பக்கப் படக்கதைகள் காலையில் போய் மாலையில் திரும்பின. தடித்த புத்தகங்கள் அலுமாரியை விட்டு அசையவில்லை. ஒரே புத்தகத்தை மறுபடி எடுப்பது அடியோடு நின்றுவிட்டது, ஏனென்றால் இரண்டாம் வாசிப்புக்குக் கணக்கில்லை. மூன்றாம் ஆண்டில் பணம் வரவில்லை, பரிசு நின்றது. பாயும் வெறுமையானது. புதிதாக வந்து சேர்ந்த ஒரு சிறுவன் ஆசிரியையிடம் கேட்டானாம்: "ரீச்சர், இப்ப வாசிச்சா என்ன தருவியள்?"

ஒரு பதிவேட்டை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வது பத்திரிகையாளனுக்கு அழகல்ல. அந்த ஆண்டில்தான் பல வீடுகளுக்குக் கைபேசி வந்தது. மூத்த பிள்ளைகள் பரீட்சை வகுப்புகளுக்குப் போய்விட்டார்கள். பரிசு இல்லாவிட்டாலும் பாய் வெறுமையாகித்தான் இருக்குமோ? அதை அறிய வேண்டுமானால், அதே போன்ற பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குப் பரிசு சொல்லி, இன்னொரு பகுதியினருக்குச் சொல்லாமல் விட்டு, பிறகு இருவரையும் ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்ட ஆய்வு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இருக்கிறது.

அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக வளாகத்தில் பிங் பாலர் பாடசாலை என்று ஒன்று உண்டு. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் அங்கே செய்த பரிசோதனையின் முடிவை 1973இல் வெளியிட்டார்கள். வகுப்பறையில் வண்ணப் பேனைகளை வைத்துவிட்டு, எந்தப் பிள்ளைகள் தாமாகவே அவற்றை எடுத்து வரைகின்றன என்று முதலில் மறைவிலிருந்து கவனித்தார்கள். வரைவதில் விருப்பம் காட்டிய 51 பிள்ளைகளை மட்டும் தெரிந்து மூன்று பிரிவாக்கினார்கள். முதற் பிரிவுக்கு, வரைந்தால் பொன்முத்திரையும் சிவப்பு நாடாவும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே காட்டினார்கள். இரண்டாம் பிரிவுக்கு எதுவும் சொல்லவில்லை, வரைந்து முடித்த பின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் தனியறையில் வரைந்தது ஆறு நிமிடம்தான்.

ஒன்றிரண்டு வாரம் கழித்து, வண்ணப் பேனைகளை மறுபடி வகுப்பறையில் வைத்தார்கள். இப்போது யாருக்கும் பரிசு இல்லை, விரும்பியவர் வரையலாம். பரிசு பெறாத பிள்ளைகள் தம் ஓய்வு நேரத்தில் ஏறத்தாழ 17 வீதத்தை வரைவதில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்கள் 18 வீதம். பரிசுக்காக வரைந்தவர்கள் 9 வீதத்துக்கும் குறைவு. ஆறு நிமிடமும் ஒரு காகிதத் துண்டும் ஒரு பிள்ளையின் விருப்பத்தைப் பாதியாக்கிவிட்டன. பரிசை எதிர்பார்த்து வரைந்த படங்கள் தரத்திலும் தாழ்ந்திருந்தன என்று, எந்தப் படம் எந்தப் பிரிவினது என்று அறியாத நடுவர்கள் கணித்தார்கள்.

இதில் பலர் கவனிக்கத் தவறுவது இரண்டாம் பிரிவை. அவர்களும் அதே சான்றிதழைத்தான் பெற்றார்கள், அவர்களுக்கு ஒரு கேடும் நேரவில்லை. ஆகவே கெடுத்தது பரிசு அன்று. "இதைச் செய்தால் அது தருவேன்" என்ற முன் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தைக் கேட்ட பிள்ளை தன்னையே புதிதாக விளங்கிக்கொள்கிறது. நேற்றுவரை 'எனக்குப் பிடிக்கும், அதனால் வரைகிறேன்' என்றிருந்தது, இன்று 'சான்றிதழுக்காக வரைகிறேன்' என்றாகிறது. கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டிய காரியம் இனிமையானதாக இருக்க முடியாது என்று பிள்ளையும் கணக்குப் போடும். பெரியவர்களாகிய நாமும் அப்படித்தான் போடுகிறோம்.

இனி புலமைப்பரிசிலுக்கு வருவோம். கன்னங்கராவின் இலவசக் கல்விச் சீர்திருத்தங்களின் காலத்தில், 1940களில், ஏழைக் கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளையை மத்திய கல்லூரிக்கு அழைத்துவரும் வழியாக இது பிறந்தது. அன்று அது ஒரு கதவு. இன்று 200 புள்ளிகளுக்கான இரண்டு வினாத்தாள்களில், மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டினாயா இல்லையா என்ற ஒற்றைக் கேள்வி. ஏறத்தாழ மூன்று இலட்சம் பிள்ளைகள் எழுதுகிறார்கள், பெரும்பாலானோர் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நிற்கிறார்கள். தரம் மூன்றிலேயே கடந்தகால வினாத்தாள் தொகுப்பைக் கையில் கொடுக்கிறோம். மேலே துவிச்சக்கர வண்டி என்ற ஒப்பந்தம். வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்த பிள்ளைக்கு என்ன செய்தி போகிறது? இரண்டு ஆண்டு செய்த வேலைக்குச் சம்பளம் மறுக்கப்பட்டது என்ற செய்திதான். தாண்டிய பிள்ளைக்கோ, வேலை முடிந்தது, வண்டி வந்தது, கணக்குத் தீர்ந்தது. தரம் ஆறுக்கு வந்ததும் புத்தகத்தைத் தொடுவதேயில்லை என்று தாய்மார் முறையிடுவதை எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறேன்! சோம்பல் என்று திட்டுகிறார்கள். பிள்ளை ஒப்பந்தப்படி நடந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லியாக வேண்டும். பரிசு எப்போதும் கெடுக்கும் என்பது உண்மையல்ல. எட்வர்ட் டெசியும் அவருடைய சகாக்களும் 1999இல் 128 பரிசோதனைகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, முன்கூட்டிச் சொல்லிக் கொடுக்கும் பொருட்பரிசு ஆர்வத்தைக் குறைப்பது தெரிந்தது. ஆனால் அது ஏற்கெனவே சுவையான வேலையில்தான். சலிப்பான வேலையில் இழக்க ஆர்வமே இல்லை. வாய்பாடு மனனம் செய்ய ஒரு மிட்டாய் கொடுத்தால் குடி முழுகிவிடாது. அமெரிக்கப் பொருளியலாளர் ரோலண்ட் பிரையர் 2011இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் சங்கடமானது. டலஸ் நகரில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஒரு புத்தகம் வாசித்து அதைப் பற்றிய சிறு வினாத்தாளுக்கு விடையளித்தால் இரண்டு டொலர் என்று கொடுத்தார்கள். ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடையே வாசித்து விளங்கும் ஆற்றல் உயர்ந்தது. நியூயோர்க்கில் பரீட்சைப் புள்ளிக்குப் பணம் கொடுத்தார்கள், பயன் தென்படவில்லை. புத்தகத்தைத் திறப்பது பிள்ளையின் கையில் இருக்கிறது. புள்ளியை எப்படிக் கூட்டுவது என்று அதற்குத் தெரியாது. பரிசு தந்தே தீருவேன் என்பவர்கள் இந்த வித்தியாசத்தையாவது மனதிற் கொள்ளட்டும். வெட்டுப்புள்ளிக்கு வண்டி கொடுப்பது, இந்த ஆய்வின்படியும், இரண்டில் மோசமான வழி.

வாசிக்கவே தெரியாத பிள்ளையை முதற் புத்தகத்துக்கு இழுத்துவரப் பரிசு உதவலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வாசிகசாலையில் நடந்தது அதுவல்ல. அங்கே பிள்ளைகள் ஏற்கெனவே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எது நடக்கிறது என்பதை அறிய அன்பருக்குப் பெரிய ஆய்வு தேவைப்பட்டிருக்காது. எத்தனை புத்தகம் என்று எண்ணுவதற்குப் பதிலாக, யாரும் கணக்கெடுக்காத ஒரு விடுமுறை நாளில் எத்தனை பேர் வருகிறார்கள், எதை எடுக்கிறார்கள், எதை மறுபடி கேட்கிறார்கள் என்று ஆசிரியையிடம் கேட்டிருந்தால் போதும்.

நாயாற்றுக் கரையில் மாலை நேரத்தில் தகப்பன்மார் வலை பொத்தும்போது பக்கத்தில் ஒரு பொடியன் குந்தியிருப்பான். ஊசியை அவன் கையில் கொடுக்கிறார்கள். பிழையாகப் பின்னினால் தகப்பன் அவிழ்த்துக் காட்டுகிறார், சரியாகப் பின்னினால் அடுத்த கிழிசலை விடுகிறார். "இது நல்லா வந்திருக்கு, இந்தக் கண் மட்டும் கொஞ்சம் பெரிசு" என்பதுதான் அங்கே கிடைக்கும் வெகுமதி. அந்தச் சொல் பிள்ளைக்குத் தன் கைத்திறனைப் பற்றிச் சொல்கிறது, பேரம் பேசவில்லை. அவனுக்கு யாரும் கண்ணுக்கு இவ்வளவு என்று காசு எண்ணிக் கொடுத்ததாக நான் காணவில்லை.

ஊர்ச்சங்கத்து நண்பர் ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் சற்றுக் கோபமாகவே கேட்டார்: "அப்ப வண்டி குடுக்கவே வேண்டாம் எண்டுறீங்களோ?" கொடுங்கள் என்றேன். செம்மலைப் பக்கத்திலும் கொக்குத்தொடுவாய்ப் பக்கத்திலும் மைல் கணக்கில் நடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தூரத்தைப் பார்த்துக் கொடுங்கள், புள்ளியைப் பார்க்காதீர்கள். மேடை வேண்டாம், வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வாருங்கள். வாசிகசாலைக்கு ஏதாவது செய்ய வேண்டுமானால், பரிசுக்கு ஒதுக்கிய பணத்தில் தடித்த புத்தகங்களையும் ஒரு நல்ல விளக்கையும் வாங்கி, ஆசிரியைக்கு மாதாந்தம் ஒரு கொடுப்பனவும் கொடுக்கலாம். அவருக்கு அது சம்பளம், கொடுத்தே ஆக வேண்டியது. நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, புகைப்படம் எடுக்க முடியாதே என்றார்.