ஒரு கப், ரெண்டு கப்: எண் சரி, ஒப்பீடு தப்பு

"நம்பர் எல்லாம் கரெக்டா இருக்கே, அப்புறம் என்ன டாக்டர் பிரச்சினை?" போட்டி கம்பெனியோட ஒப்பிட்டு எழுதின விளம்பர வாசகத்தில் திருத்தம் சொன்னால் வருகிற முதல் கேள்வி இதுதான். பொய்யான எண்ணைப் பிடிக்கிறது சுலபம். சரியான எண்களை வைத்துக் கட்டின தப்பான ஒப்பீடு இருக்கே, அதுதான் சத்தமில்லாமல் உங்க அடுப்படி வரைக்கும் வந்துடுது.

ஊரறிஞ்ச ஒரு வழக்கையே எடுத்துக்குவோம். காம்ப்ளான் டிவி விளம்பரம், மொத்தமே 6 விநாடி. ஒரு கப் காம்ப்ளானில் இருக்கும் புரதம் ரெண்டு கப் ஹார்லிக்ஸில் இருக்கும் புரதத்துக்குச் சமம்னு சொன்னாங்க. ஹார்லிக்ஸ் தரப்பு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

இப்போ கணக்கைப் பாருங்க. காம்ப்ளானில் ஒரு கப்புக்குப் போடச் சொல்லும் பொடி 33 கிராம். 100 கிராமில் 18 கிராம் புரதம், அதனால் ஒரு கப்புக்கு 5.94 கிராம். ஹார்லிக்ஸில் ஒரு கப்புக்கு 27 கிராம் பொடி. 100 கிராமில் 11 கிராம் புரதம், ஒரு கப்புக்கு 2.97 கிராம். ரெண்டு கப் என்றால் 5.94. துல்லியமா சமம்! எந்த ஆய்வகத்தில் சோதிச்சாலும் இந்த விளம்பரம் ஜெயிக்கும்.

ஆனா இந்தப் பொடியில் 33 கிராம், அந்தப் பொடியில் 27 கிராம். ரெண்டிலும் ஒரே அளவு எடுத்தால் வித்தியாசம் 18-க்கு 11. அதாவது ஒன்றரை மடங்கைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஒன்றரையை ரெண்டாக்கியது புரதம் இல்லை, ஸ்பூன்.

அடுத்தது, "கப்" என்ற சொல். உங்க வீட்டில் கப்புக்குள்ள என்ன இருக்கும்? பால். 200 மில்லி பாலிலேயே சுமார் 6 கிராம் புரதம் இருக்கு. பாலில் கலக்கினால் காம்ப்ளான் கப்பில் ஏறக்குறைய 12 கிராம், ஹார்லிக்ஸ் கப்பில் ஏறக்குறைய 9. ரெண்டு கப் ஹார்லிக்ஸ் குடிச்ச பிள்ளைக்கு 18 கிராம் போயிருக்கும். ஒரு கப்பும் ரெண்டு கப்பும் சமம் என்ற பேச்சு அங்கேயே முடிஞ்சது. அது பொடிக்கு மட்டும்தான் உண்மை. டிவியில் கேட்டது "கப்".

(ஹார்லிக்ஸ் பாவம்னு சொல்ல வரலை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கு. முட்டையோட ஒப்பிட்டு ரெண்டு பேரும் விளம்பரம் போட மாட்டாங்க.)

2020 மே மாதம் நீதிமன்றம் அந்த டிவி விளம்பரத்துக்கு இடைக்காலத் தடை போட்டது. எண்கள் பொய் என்பதற்காக இல்லை. கப்புக்கு எத்தனை கிராம் பொடி என்பதைக் குரலில் சொல்லவில்லை. திரையில் ஓடும் சின்ன எழுத்தை 6 விநாடிக்குள் பார்க்கிறவர் படிச்சுப் புரிஞ்சுக்க முடியாது.

போட்டியாளர் பெயரைச் சொல்வதே குற்றம்னு சிலர் நினைக்கிறாங்க. நம்ம நாட்டில் அப்படி இல்லை. நேர்மையா ஒப்பிடலாம், "என் பொருள்தான் உசத்தி"ன்னு பீத்திக்கலாம். எதிராளியின் பொருள் மட்டம்னு இழிவுபடுத்தக் கூடாது. விளம்பரத் துறையின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ.யின் விதியில் இன்னொன்றும் இருக்கு: தனக்குச் செயற்கையான சாதகம் கிடைக்கிற மாதிரி ஒப்பீட்டுப் பொருளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. என்னைக் கேட்டால், சரிபார்ப்பு தொடங்க வேண்டிய இடம் அதுதான். எதோடு எதை, எந்த அளவில், எந்த நிலையில் ஒப்பிடுறீங்க? இதைக் கேட்காமல் ஆய்வக அறிக்கையை மட்டும் பார்த்துட்டு "மருத்துவ ரீதியாகச் சரி"ன்னு கையெழுத்துப் போடுற என் சக மருத்துவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். நீங்க பார்த்தது வாக்கியத்தில் பாதிதான் சார்.

அடுத்த கோளாறு தமிழ் விளம்பரங்களில். பேச்சு முழுக்கத் தமிழ், கீழே நிபந்தனை மட்டும் பொடி எழுத்தில் ஆங்கிலம். 2022-இல் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள்படி, எந்த மொழியில் பெருமை பேசுறீங்களோ அதே மொழியில், அதே எழுத்தில்தான் நிபந்தனையும் இருக்கணும். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரைக்கும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரைக்கும் அபராதம் விதிக்கலாம்.

அந்த 6 விநாடியை நான் திருத்தியிருந்தால் இப்படி மாற்றியிருப்பேன்: "100 கிராம் பொடியில் எங்களிடம் 18 கிராம் புரதம், அவர்களிடம் 11." குரலில், தமிழில். 6 விநாடிக்குள் தாராளமா அடங்கும். "இதில் பன்ச் இல்லையே டாக்டர்"னு சொல்வாங்க. ஆமா, இல்லைதான்.