மறுப்புக் கடிதத்தில் ஒரு தொகை

போன வாரம் ஒரு புதிய நிறுவனம் 12,000 சொற்கள் கொண்ட பயனர் கையேட்டைத் தமிழாக்கித் தரக் கேட்டது. சொல்லுக்கு 40 பைசா, மொத்தம் 4,800 ரூபாய். கலைச்சொல் பார்த்து, திருத்தி முடிக்க எனக்கு ஆறு நாளாவது ஆகும். நாளுக்கு 800 ரூபாய்க்கு மேல் தேறாது. 'இப்போது நேரமில்லை' என்று எழுதவே முதலில் கை போனது. அப்படி எழுதினால் அடுத்த மாதம் அதே 40 பைசாவோடு வருவார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, நாம் காரணத்தை மறைத்துவிட்டோமே. 'இது மிகக் குறைவு' என்றாலோ மனம் புண்படும். ஆகவே இப்படி எழுதினேன்: "என்னை நினைத்துக் கேட்டதற்கு நன்றி. இத்தகைய கையேடுகளுக்கு நான் சொல்லுக்கு ஒன்றரை ரூபாய் வாங்குகிறேன்; இதற்கு 18,000 ரூபாய் ஆகும். உங்கள் தொகைக்குள் இதை ஏற்க இயலவில்லை. முக்கியமான 3,000 சொற்களை மட்டும் இப்போது செய்வதென்றால் 4,500 ரூபாய்க்கு முடித்துத் தருகிறேன். பின்னால் வேறு வேலை வந்தாலும் அவசியம் எழுதுங்கள்." கவனியுங்கள், நான் விலையைக் குறைக்கவில்லை, வேலையின் அளவைத்தான் குறைத்தேன். முதல் வேலைக்கே 40 பைசாவுக்கு இறங்கிவிட்டால் அவர்கள் கணக்கில் அதுதான் நம் விலை. பிறகு ஒன்றரை ரூபாய் கேட்பது திடீர் ஏற்றமாகத் தெரியும். வீட்டுச் செலவு, மற்ற வாடிக்கையாளர் தரும் தொகை எதையும் கடிதத்தில் சேர்க்கவில்லை. சேர்த்தால் பேரம் அங்கிருந்து தொடங்கும். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது, பாதுகாப்பு எச்சரிக்கைகள் உள்ள பகுதியை மட்டும் அனுப்பட்டுமா என்று.