டெலிவிஷனில் தமிழ் ஏன் கட்டம் கட்டமாகத் தெரிகிறது?

வெளிநாட்டுப் படங்களும் பிறமொழிப் படங்களும் இன்று வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. பேச்சு புரியாவிட்டாலும் கவலை இல்லை. படத்துக்குக் கீழே தமிழில் வசன வரிகள் ஓடுகின்றன. அதைப் படித்துக்கொண்டே கதையைத் தொடரலாம்.

ஆனால், எல்லா வீட்டிலும் அது சரியாக நடப்பதில்லை. சில பெட்டிகளில் எழுத்துக்குப் பதிலாகக் கட்டங்கள் தெரிகின்றன. சிலவற்றில் ஏதோ புரியாத குறிகள் ஓடுகின்றன. சிலவற்றில் தமிழ் வருகிறது. ஆனால் "ண"வா, "ன"வா என்று தெரியவில்லை.

புத்தகம் என்றால் நிதானமாகப் படிக்கலாம். வசன வரி அப்படிக் காத்திராது. சில விநாடிகளில் மறைந்துவிடும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கும், வயதானவர்களுக்கும் எழுத்து தெளிவாக இல்லை என்றால், கதை அந்த இடத்திலேயே அறுந்துவிடும்.

இதற்குப் "பெட்டி மட்டம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் பெட்டியில் இல்லை. எங்கே குற்றம் என்பதை, திரையில் தெரியும் கோலத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்!

மூன்று தமிழ்

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்மார்ட் டெலிவிஷனில் "தமிழ்" என்பது ஓர் இடத்தில் இல்லை. மூன்று இடத்தில் இருக்கிறது.

ஒன்று, பெட்டியின் மெனு மொழி. ஆண்ட்ராய்டு வகைப் பெட்டிகளில் பல் சக்கரப் படம் உள்ள `Settings`, அதற்குள் `System`, அதற்குள் `Language` என்று போனால் மொழிப் பட்டியல் வரும். பழைய பெட்டிகளில் `System` என்பதற்குப் பதில் `Device Preferences` என்று இருக்கும். பட்டியலில் "தமிழ்" இருந்தால் தேர்ந்தெடுக்கலாம். எல்லாப் பெட்டியிலும் அது இருக்கும் என்று சொல்ல முடியாது.

இரண்டு, வசன வரியின் மொழி. மெனுவைத் தமிழுக்கு மாற்றிவிட்டதால் வசன வரியும் தமிழாகிவிடாது. படம் ஓடும்போது அந்தச் செயலியிலேயே தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். படத்தை வழங்குகிறவர்கள் தமிழ் வரிகளைத் தயாரித்திருந்தால்தான் அது கிடைக்கும்.

மூன்று, எழுத்தின் உருவம். அதாவது எழுத்துரு, அளவு, நிறம். இது இன்னொரு மூலையில் இருக்கிறது. `System` என்பதற்குள் `Accessibility`, அதற்குள் `Captions` என்று போக வேண்டும்.

ஒன்றில் உள்ள குறையை இன்னொன்றில் தேடுவதால்தான் பலர் மணிக்கணக்கில் ரிமோட்டை அழுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு வீட்டில் நடப்பது

மதுரையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பேரன் கொச்சியில் படிக்கிறான். கல்லூரியில் மலையாளத்தில் ஒரு குறும்படம் எடுத்தான். பாட்டிக்கு மலையாளம் தெரியாது. ஆகவே தமிழ் வசன வரிகளைக் கம்ப்யூட்டரில் தட்டி, படத்தோடு சேர்த்து பென் டிரைவில் கொண்டுவந்தான்.

வசன வரிக் கோப்பு என்பது பெரிய மர்மம் அல்ல. ஒரு வரிசை எண். எந்த விநாடியில் தோன்றி, எந்த விநாடியில் மறைய வேண்டும் என்ற கணக்கு. அதன் கீழே வசனம். இவ்வளவுதான்:

```
1
00:00:05,000 --> 00:00:08,000
அம்மா, கதவைத் திற.
```

படத்தின் பெயர் `padam.mp4` என்றால், இந்தக் கோப்பின் பெயர் `padam.srt` என்று இருக்க வேண்டும். பெயர் ஒத்துப்போனால்தான் பெட்டி இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும்.

பேரன் பென் டிரைவைச் செருகினான். படம் ஓடியது. "அம்மா" வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்தது. என்ன வந்தது என்பதுதான் முக்கியம். நான்கு விதமாக வரலாம்.

நான்கு அடையாளங்கள்

முதல் விதம்: `à®…` என்பதுபோல, தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகள் வரிசையாக வருவது. இதில் தமிழுக்கு எந்தச் சேதமும் இல்லை. யூனிகோடு முறையில் எழுதிய கோப்பில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று எண்களாகப் பதிவாகிறது. பெட்டி அந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்க்காமல், தனித்தனி ஐரோப்பிய எழுத்தாகப் படித்துவிட்டது. படம் காட்டும் செயலியின் அமைப்பில், வசன வரியின் `Encoding` என்ற இடத்தில் `UTF-8` என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். வி.எல்.சி. போன்ற செயலிகளில் இந்த வசதி இருக்கிறது.

இரண்டாவது விதம்: `????` என்று வெறும் கேள்விக்குறிகள் வருவது. இது கெட்ட சேதி! கோப்பைச் சேமித்தபோதே தமிழ் எழுத்துகள் அழிந்துவிட்டன. விண்டோஸ் நோட்பேடில் `Save as` செய்யும்போது `ANSI` என்ற முறை இருந்தால், அதில் தமிழுக்கு இடம் கிடையாது. ஒவ்வோர் எழுத்தையும் எறிந்துவிட்டுக் கேள்விக்குறியை வைத்துவிடும். 2019-ல் வந்த விண்டோஸ் மாற்றத்துக்குப் பிறகு நோட்பேடு தானாகவே `UTF-8` முறையை எடுத்துக்கொள்கிறது. அதற்கு முந்திய கம்ப்யூட்டர்களில் நாமாகத்தான் மாற்ற வேண்டும். அழிந்த கோப்பை மீட்க வழி இல்லை. மறுபடி தட்டத்தான் வேண்டும்.

மூன்றாவது விதம்: `mk;kh` என்று ஆங்கில எழுத்துகள் வருவது. உற்றுப் பார்த்தால் இதுவும் "அம்மா"தான்! யூனிகோடு பரவுவதற்கு முன், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டவைத்த எழுத்துருக்கள் பல இருந்தன. அவற்றில் ஒன்று "பாமினி". அதில் `m` என்று அழுத்தினால் "அ" தெரியும். அந்த எழுத்துரு இருக்கும் கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரிவது, அது இல்லாத டெலிவிஷனில் ஆங்கிலமாகத் தெரிகிறது. பெட்டியில் எதை மாற்றினாலும் பயன் இல்லை. கம்ப்யூட்டரில் எழுத்துமாற்றி கொண்டு கோப்பை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. பழைய கோப்புகள்தான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

நான்காவது விதம்: கட்டம் கட்டமாக வருவது. கோப்பு சரி, படிக்கும் முறையும் சரி. ஆனால் பெட்டியிடமோ செயலியிடமோ தமிழ் எழுத்துரு இல்லை. "இங்கே ஓர் எழுத்து உண்டு, அதன் உருவம் என்னிடம் இல்லை" என்று பெட்டி சொல்லும் முறைதான் அந்தக் கட்டம். கணினிக்காரர்கள் இதற்கு "டோஃபு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டோஃபு என்பது சோயாவில் செய்யும் கட்டி. இந்தக் கட்டத்தை ஒழிப்பதற்காகக் கூகுள் உருவாக்கிய எழுத்துருக் குடும்பத்துக்கு "நோட்டோ" என்று பெயர். "நோ டோஃபு" என்பதன் சுருக்கம் அது! தமிழ் நோட்டோவும் அதில் உண்டு. கட்டம் வருகிற பெட்டியில், தமிழ் எழுத்துரு உள்ள வேறு செயலியில் அதே படத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு தம்பியும் உண்டு. எழுத்து இருக்கும், ஆனால் கொம்பு இடம் மாறி நிற்கும். "பெட்டி" என்பதில் கொம்பு "ப"வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய், "ட்" பக்கம் ஒட்டிக்கொள்ளும். யூனிகோடில் முதலில் எழுத்தும் பிறகு கொம்பும் பதிவாகின்றன. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் நகர்த்துவது செயலியின் வேலை. அந்த வேலை தெரியாத செயலி அப்படியே கொட்டிவிடுகிறது. இதற்கும் செயலியை மாற்றுவதே மருந்து.

எழுத்து வந்தது, தெளிவு வரவில்லை!

பேரனின் கோப்பில் முதல் விதக் குறைதான். முறையை மாற்றியதும் "அம்மா" வந்துவிட்டது. ஆனால் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த பாட்டி, "என்னப்பா, எல்லாம் ஒரே சுழியா இருக்கே!" என்றார்.

பாட்டி சொன்னது சரி. "ன"வுக்கும் "ண"வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். "கி"க்கும் "கீ"க்கும் தலையில் ஒரு சின்னச் சுழிப்புதான் வித்தியாசம். புள்ளி மறைந்தால் "க்" என்பது "க" ஆகிவிடும். சுழி அடைந்தாலும் புள்ளி மறைந்தாலும் சொல்லே மாறிப்போகும்.

ஆகவே அளவுதான் முதலில். குறை இல்லாத கண், பத்தடி தூரத்திலிருந்து சுமார் 4½ மில்லிமீட்டர் உயர எழுத்தைக் கஷ்டப்பட்டுப் படித்துவிடும். கண் பரிசோதனையில் 6/12 என்று வந்தவருக்கு அதைப்போல இரண்டு மடங்கு, அதாவது 9 மில்லிமீட்டர் வேண்டும். இது முட்டி மோதிப் படிக்கும் அளவு. ஓடுகிற வரியைச் சிரமம் இல்லாமல் படிக்க இன்னும் ஒரு மடங்கு கூட்டிக்கொள்வது நல்லது. படத்தை நிறுத்திவைத்து, "க" என்ற எழுத்தின் உயரத்தை அடிக்கோலால் அளந்து பார்க்கலாம். 18 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், `Text size` என்ற இடத்தில் `Large` ஆக்க வேண்டும்.

அடுத்தது எழுத்துரு. `Font family` என்ற இடத்தில் ஏழெட்டுப் பெயர்கள் வரும். அவற்றில் பல ஆங்கிலத்துக்கு மட்டுமே செய்தவை. அவற்றைத் தேர்ந்தெடுத்தாலும் தமிழ் மாறாது. பெட்டி தன்னிடம் உள்ள தமிழ் எழுத்துருவையே போட்டுக்கொள்ளும். "மாற்றினேன், மாறவில்லை" என்று திகைக்க வேண்டாம். `Default` அல்லது `Sans-Serif` இருந்தால் போதும். அவற்றில் கோடு ஒரே தடிப்பாக இருக்கும். மெல்லிய இடங்கள் படத்தின் வெளிச்சத்தில் கரைந்து போகா.

மூன்றாவது, பின்னணி. எழுத்தைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு போடும் `Outline` முறை ஆங்கிலத்துக்கு நன்றாக இருக்கும். தமிழில் அந்த விளிம்பு சுழிக்குள்ளும் புகுந்து அடைத்துவிடும். அதைவிட `White on black` நல்லது. கறுப்புப் பட்டையின் மேல் வெள்ளை எழுத்து. வெள்ளைச் சட்டைக்காரர் திரையில் வந்து நின்றாலும் வரி மறையாது. வெள்ளை கண்ணைக் கூசினால் `Yellow on black`.

ஓர் எல்லை உண்டு. பணம் கட்டிப் பார்க்கும் செயலிகள் சில, பெட்டியின் இந்த அமைப்பை மதிப்பதில்லை. அவற்றின் எழுத்து அளவை அந்தந்தச் செயலிக்குள்ளோ, அதன் கணக்குப் பக்கத்திலோதான் மாற்ற முடியும்.

மாற்றுவதற்கு முன்...

மெனு மொழியை மாற்றும்போது ஓர் எச்சரிக்கை. தவறிப்போய்த் தெரியாத மொழி ஒன்றை அழுத்திவிட்டால், திரும்பி வர வழி படிக்கத் தெரியாது. ஆகவே மாற்றுவதற்கு முன், `Language` என்பது மேலிருந்து எத்தனையாவது வரி என்று ஒவ்வொரு படியிலும் எண்ணி, ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். மொழி மாறினாலும் வரிசை பெரும்பாலும் மாறாது. மொழிப் பட்டியலில் ஒவ்வொரு மொழியின் பெயரும் அதனதன் எழுத்திலேயே இருக்கும். "தமிழ்" தமிழாகவே தெரியும்.

எல்லாம் முடிந்ததும் சோதிக்க ஒரே வாக்கியம் போதும். "கண்ணன் பொன்னைக் கொண்டுவந்தான்" என்று வசன வரிக் கோப்பில் தட்டி ஓடவிட வேண்டும். ண, ன இரண்டும் அதில் உண்டு. கொம்பு உண்டு. புள்ளி உண்டு. வீட்டில் கண் பார்வை குறைந்தவர் யாரோ, அவரை அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். வரி மறைவதற்குள் அவர் படித்து முடித்துவிட்டால், பெட்டி தயார்!