ஓதம் ஏறிய சுவருக்கு யார் காசு?

வ. புதுப்பட்டியில் குடியிருக்கும் என் மருமகன் ராஜபாளையத்துக்குக் குடிபோகிறான். "வீட்டுக்கார அண்ணாச்சிகிட்ட வாயால சொல்லியாச்சு மாமா" என்றான். வாயால் சொன்னது பின்னால் நிற்காது என்று உட்காரவைத்து எழுதவைத்தேன்.

"செப்டம்பர் 30 மாலை 5 மணிக்கு வீட்டைக் காலி செய்து சாவியைத் தருகிறேன். செப்டம்பர் வாடகை 5,000 ரூபாயைத் தனியாகக் கொடுத்துவிடுவேன். அட்வான்ஸ் 15,000 ரூபாயை அக்டோபர் 30-க்குள் என் வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். சாவி தரும் அன்று இருவரும் அறை அறையாகப் பார்த்து, கரண்ட் மீட்டர் அளவையும் குறித்துக் கையெழுத்திடுவோம்." இவ்வளவுதான் கடிதம்.

அவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு மாத முன்னறிவிப்பு என்று இருப்பதால், ஆகஸ்ட் 29 அன்றே கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கச் சொன்னேன். ஒப்பந்தம் இல்லாத மாத வாடகைக்கு, 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 15 நாள் கேட்கிறது. கடிதம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் கணக்கு என்பதால் அந்தத் தேதி முக்கியம்.

அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். கூடவே, "பெயின்ட் அடிக்க ஆறாயிரம் பிடிச்சுக்குவேன்" என்றாராம். வந்ததே எனக்குக் கோபம்! இந்த வெள்ளையடிப்புக் காசைப் பற்றி நான் பொருமுவது இந்தப் பத்தியின் வாசகர்களுக்குப் புதிதல்ல. காலி செய்கிற ஒவ்வொரு குடும்பமும் ஏதோ குற்றம் செய்ததுபோல இதைக் கட்டுகிறது.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதையும் வீட்டுக்காரர் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் மட்டும் அதுதான் செல்லும். மருமகனின் தாளை இரண்டு முறை படித்தேன். பெயின்ட் என்ற பேச்சே அதில் இல்லை. நியாயமான பிடித்தம் போக மீதியை, காலி செய்த ஒரு மாதத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

சுவரை நேரில் போய்ப் பார்த்தேன். தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிர்கிறது. அது தரையிலிருந்து ஏறிய ஓதம். குடியிருந்தவர்கள் செய்தது அல்ல. வெயில் பட்டு மங்கிய வர்ணமும் காலம் செய்தது. ஆனால் கூடத்தில் பிள்ளை கிரேயானால் கிறுக்கியிருக்கிறான். அலமாரிக்கு அடித்த ஆணிகளைப் பிடுங்கியதில் காரை பெயர்ந்திருக்கிறது. ஒரு ஜன்னல் கண்ணாடியில் விரிசல். இந்த மூன்றும் நம் கணக்கு. மறைக்காமல் எழுதிக்கொடு என்றேன்.

கண்ணாடியைக் காலி செய்யுமுன் அவனே மாற்றிவிடுகிறான். ஆணி ஓட்டைகளை அடைத்து கிறுக்கிய அந்த ஒரு சுவருக்கு மட்டும் வர்ணம் பூச, கொத்தனார் 1,200 ரூபாய் சொன்னார். கடைசி ரீடிங்குக்குப் பிறகு ஓடிய கரண்டுக்கு 300 ரூபாய் வரும். 13,500 ரூபாய் திரும்ப வர வேண்டும். இந்தக் கணக்கை அப்படியே எழுதி அண்ணாச்சியிடம் கொடுத்திருக்கிறோம்.